பாயிரமில்லாப் பக்கங்கள்: படியெடுத்தலும் சுருக்குதலும்

நூலின் முகத்தே பாயிரம் நிற்றல் வேண்டும் என்பது நம் இலக்கண ஆசிரியர் துணிபு. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணமாகத் தொகுத்துரைத்த எட்டனுள் கேட்போர், பயன் என்னும் இரண்டும் அடங்கும். ஒரு நூல் யாருக்காக, எதன்பொருட்டு என்பது தெரியாதவழி அதனைக் கொள்ளும் முறையும் தெரியாது என்பதே இதன் கருத்தாதல் வேண்டும். இக்காலத்து ஆராய்ச்சியாளர் கைக்குப் பாயிரமில்லாத பொருள் ஒன்று அடிக்கடி வந்து சேர்கின்றது. அஃது எழுத்து நெருங்கிய பழம்புத்தகப் பக்கங்களின் நிழற்படம். கைபேசி வழியே ஐந்தாறு படங்கள் வருகின்றன. உடன் வருவது ஒரு வணக்கம் மட்டுமே. அனுப்பியவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதிய படியை விரும்புகின்றாரா, பொருட் சுருக்கத்தை விரும்புகின்றாரா என்பது விளங்குவதில்லை.

இந்நிலையில் எதனைச் செய்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதனை எழுத்தர் வேலை பற்றிய சிறு வினா எனக் கருதுவாரும் உளர். அங்ஙனம் அன்று என்பதனை எம் துறையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே காட்டுவாம்.

1. வந்த பக்கங்கள்

எம்மிடம் முன்னர்ப் பயின்று, இப்பொழுது வேறோர் ஊரில் பணியாற்றும் அன்பர் ஒருவர் ஏழு நிழற்படங்களை அனுப்பினார். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய அச்சு. தலைப்புப் பக்கம் இல்லை. பக்கத்தின் மேல்வரியில் பொருளதிகாரம் என்றும் உவமவியல் என்றும் இருந்தன. பக்கத்துக்கு 37 வரி. வரிக்குப் பதினொரு சொல் அளவு. நூற்பா, உரை, உரையுள் வரும் மேற்கோட் செய்யுள், மீண்டும் உரை என யாவும் பத்திப் பிரிவின்றித் தொடர்ந்தோடின. அடியில் சிற்றெழுத்தில் பாடவேறுபாட்டுக் குறிப்புகள் இருந்தன. ஓரத்தில் எவரோ கரிக்கோலால் ‘நச்சர் உரை’ என எழுதியிருந்தனர். ஏழு பக்கமும் கூட்டினால் ஏறத்தாழ 2,800 சொற்கள் ஆகும்.

அனுப்பியவரைத் தொடர்புகொள்ள முயன்றோம். மூன்று நாள் இயலவில்லை. அதற்கிடையில் எம்மிடம் பயிலும் முதுகலை மாணாக்கர் இருவரிடம் அப்படங்களைத் தந்து, தகுமெனத் தோன்றியதைச் செய்க என்றோம். ஒருவர் சுருக்கம் எழுதினார், மற்றவர் படியெடுத்தார். இருவரும் கருத்தோடு உழைத்தவரே. இருவர் உழைப்பிலும் குறை நேர்ந்தது. அக்குறைகள் தனிமனிதர் குறைகள் அல்ல. அவ்வம் முறைக்கே இயல்பாயவை. ஆதலின் அவற்றை விரித்துக் கூறுதல் பயனுடைத்து.

2. சுருக்கம் செய்தது

சுருக்கம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஏறத்தாழ 350 சொல். மூலத்தின் எட்டில் ஒரு பங்கு. நடை தெளிவாக இருந்தது. நூற்பாக்கள் எவை, ஒவ்வொன்றும் எதனை உணர்த்துகின்றது, உரையாசிரியர் எவ்விடத்து மறுப்புக் கூறி எவ்விடத்து உடன்படுகின்றார் என்பன வரிசையாக அமைந்தன. இப்பக்கங்களில் என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்கு இதனினும் நல்ல விடை கிடைப்பது அரிது.

ஆயினும் அதன்கண் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, மேற்கோட் செய்யுட்கள் அனைத்தும் மறைந்துவிட்டன. ‘இதற்குச் சங்கச் செய்யுளிலிருந்து மேற்கோள் காட்டுவர்’ என்னும் ஒரு தொடரே அவ்விடத்து நின்றது. சுருக்குபவர்க்கு மேற்கோள் ஒரு சான்று. கருத்து நின்றபின் சான்று வேண்டா என்பது அவர் நினைவு. உரைநூலைப் பொறுத்தவரை இந்நினைவு பெரும்பிழைக்கு இடமாகும். உரையாசிரியர் காட்டும் செய்யுள், அவர் காலத்தில் அச்செய்யுள் எவ்வாறு ஓதப்பட்டது என்பதற்குச் சான்று. இன்று முழுநூலாகக் கிடையாத சில நூல்களின் பகுதிகள் உரைமேற்கோளாகவே எஞ்சியுள்ளன என்பதனையும் கற்றார் அறிவர்.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. சுருக்கத்தின் ஒவ்வொரு தொடரும் ‘என்பர் நச்சினார்க்கினியர்’ என முடிந்தது. நிழற்படங்களில் அச்சான வரி எதிலும் அப்பெயர் இல்லை. ஓரத்துக் கரிக்கோற் குறிப்பினின்றும் அது சுருக்கத்துள் ஏறிவிட்டது. சுருக்கம் எழுதுவோர்க்கு இது தவிர்த்தற்கு அரியது. பிறர் கூற்றைத் தம் நடையில் கூறும்பொழுது ‘என்பர்’ என்னும் வினைக்கு எழுவாய் வேண்டும்; எழுவாய் வேண்டின் பெயர் வேண்டும்; பெயர் தெரியாதவழியும் ஒரு பெயர் வந்து நிற்கும்.

இப்பெயரால் விளையும் கேடு யாது என வினவலாம். 1885இல் சி. வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபொழுது உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே வெளியாயிற்று. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கும் அதன்கண் இருந்த உரை பேராசிரியருடையது என்பதனை ரா. இராகவையங்கார் பின்னர் ஆராய்ந்து காட்டினார். இன்று உவமவியலுரையைப் பேராசிரியர் உரை என்றே கொள்கின்றோம். ஆக, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்த் தீர்ந்த ஐயம் ஒன்றினை அச்சுருக்கம் அறியாமலே மீண்டும் பிழையாகத் தீர்த்துவிட்டது.

இதனுள் நாம் கருதவேண்டிய பொருள் பிறிதொன்றும் உண்டு. இவ்வுரை இவருடையது என்னும் முடிவு எதனால் பெறப்படும்? உரையாசிரியர் சொல்லும் சொல்லால், மறுக்கும் முறையால், முன்னர்க் கூறினாம் பின்னர்க் கூறுதும் எனக் காட்டும் இடங்களால் பெறப்படும். சுருக்கம் முதலில் களைவது இவற்றையே. 1885ஆம் ஆண்டுப் பதிப்பு உரையின் சொற்களை நமக்கு வைத்துப்போயிற்று. அதனால் பெயரிற் பிழை நேர்ந்தும் அப்பிழையைத் திருத்தும் வழி அதனுள்ளேயே இருந்தது. அவ்வுரைக்குச் சுருக்கம் மட்டுமே எஞ்சியிருப்பின் பிழையும் எஞ்சியிருக்கும். திருத்தும் வழி இராது.

தொல்காப்பியர் மரபியலுள் வழிநூலின் வகை நான்கு கூறுமிடத்துத் தொகுத்தலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். தொகுக்கப்பட்டது மூலம் அன்று. வேறோர் ஆசிரியன் வேறொரு பயன் கருதிச் செய்த புதுநூல். பயன் தெரியாத இடத்துச் சுருக்குபவர் தாமே ஒரு பயனைக் கற்பித்துக்கொள்கின்றார். அக்கற்பனை அவர் எழுத்தில் எங்கும் வெளிப்படுவதில்லை, அதுவே இடர்.

3. படி செய்தது

இனிப் படியெடுத்தவர் உழைப்பைக் காண்போம். ஏழு பக்கமும் எழுதி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. நூற்பா, உரை, மேற்கோள், அடிக்குறிப்பு யாவும் இருந்தன. பெயர் எதனையும் அவர் சேர்க்கவில்லை. கரிக்கோற் குறிப்பை மட்டும் ‘ஓரத்தில் பிறர் கையெழுத்து’ எனத் தனியே காட்டியிருந்தார்.

நான்காம் நாள் அன்பரின் கடிதம் கிடைத்தது. உரையாசிரியர் காட்டும் சங்கச் செய்யுட்களில், இன்று வழங்கும் பதிப்புக்கு வேறான பாடங்களை அவர் தொகுத்து வருகின்றார். நான்காம் படத்திலுள்ள மேற்கோள் ஒன்றில் ஓரெழுத்து எங்ஙனம் உள்ளது என்பதே அவர் வேண்டியது. படம் வளைந்திருந்ததால் தம் கண்ணை அவரால் நம்ப இயலவில்லை.

படியை நோக்கினோம், அவ்விடத்து இன்றைய பதிப்பின் பாடமே இருந்தது. படத்தைப் பெருக்கி நோக்கினோம். அங்கு வேறெழுத்து இருந்தது. நடந்தது யாதெனின், படியெடுத்தவர் அச்செய்யுளை மனப்பாடமாக அறிந்தவர். முதற்சீரைக் கண்டதும் எஞ்சிய அடிகளை நினைவினின்றும் எழுதிவிட்டார். கண் பக்கத்தின்மேல் இருந்தது; கை நினைவின்வழிச் சென்றது. கல்லாதவர் எழுதியிருப்பின் இப்பிழை நேர்ந்திராது. எந்த ஓரெழுத்தின்பொருட்டு ஏழு படங்களும் வந்தனவோ, அவ்வோரெழுத்தைச் சுருக்கம் கைவிட்டது, படியோ மாற்றிவிட்டது. இரண்டனுள் பின்னையதே கொடிது. சுருக்கத்தைப் படிப்பவர் அங்கு ஏதோ விடுபட்டது என்பதனையேனும் அறிவர். படியைப் படிப்பவர் ஐயுறார்.

படியைப் படத்தோடு ஒப்புநோக்கியபொழுது மேலும் இரண்டு பிழைகள் வெளிப்பட்டன. இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி காணவில்லை. உரையாசிரியர் நூற்பாப்பொருளை முடிக்குந்தோறும் ‘என்றவாறு’ என்பர். ஒரு பக்கத்தில் அச்சொல் பலகால் வருதலின், ஒன்றை எழுதிவிட்டு மீண்ட கண் அடுத்ததில் சென்று விழுந்தது. இடையில் நின்றது ஒழிந்தது. ஒழிந்த பின்னும் தொடர் பொருந்தியே நின்றது. ஐந்தாம் படத்திலோ, வரிகளின் ஈற்றெழுத்துகள் புத்தகத்தின் நடுமடிப்பில் மறைந்திருந்தன. அவற்றைப் பொருள் நோக்கி நிரப்பியவர், நிரப்பியதாக எங்கும் குறிக்கவில்லை.

4. உள்ளவாறே என்பதன் பொருள்

இவற்றால் பெறப்படுவது யாது? உள்ளவாறே படியெடுத்தல் என்பது நீளத்தால் அமைவதன்று; எழுதுவோர் தமக்கு விதித்துக்கொண்ட வரையறையால் அமைவது. அவ்வரையறைகளுள் இன்றியமையாதன சிலவே.

வரிப்பிரிவைக் காத்தல் முதலாவது. மூலத்தில் ஒரு வரி முடியுமிடத்துப் படியிலும் வரி முடிதல் வேண்டும். அன்றி ஒரு நெடுங்கோடேனும் இடல் வேண்டும். அங்ஙனம் செய்திருப்பின் இரண்டாம் பக்கத்தில் 37க்கு 34 வரியே உள என்பது எண்ணிய அளவிலே புலப்பட்டிருக்கும். பழைய அச்சில் வரியிறுதியில் சொல்லைப் பிளக்குமிடத்து இணைப்புக்குறி இடும் வழக்கம் பெரும்பாலும் இன்மையின், இரு துண்டையும் ஒரு சொல்லெனச் சேர்ப்பதா, இரு சொல்லெனப் பிரிப்பதா என்பதும் படிப்பவர் முடிவேயாம். கோடு இருப்பின் அம்முடிவு மறைவதில்லை.

ஐயத்தை எழுத்தாற் காட்டுதல் இரண்டாவது. மடிப்பில் மறைந்த எழுத்தை ஊகித்து எழுதின் பகர அடைப்புக்குள் எழுதுக. ஊகிக்க இயலாவிடின் மறைந்த எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளியிடுக. கல்வெட்டுப் பதிப்பாளர் சிதைந்த எழுத்துக்கு நெடுங்காலமாகக் கையாளும் முறைக்கு இஃது ஒத்ததே.

எண்ணும் எழுத்தும் மயங்காமை மூன்றாவது. பழைய பதிப்புகளில் நூற்பாவெண் தமிழ் எண்ணாலே இருக்கும். ௧ என்பது ககரத்தோடும், ௨ உகரத்தோடும், ௭ எகரத்தோடும், ௮ அகரத்தோடும் வடிவொத்து நிற்றலின், ௨௭ என்பதனை ‘உஎ’ என எழுதிவிடுதல் எளிது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறியில் தேடுவார்க்கு வேறு. இதற்கு மாறாக, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய அச்சுவடிவத்தை இன்றைய வடிவில் எழுதுதலால் இழப்பு எதுவும் இல்லை. தமிழக அரசு 1978இல் ஏற்ற சீர்திருத்தம் வடிவை மாற்றியதேயன்றி எழுத்தை மாற்றவில்லை. படியின் தலையில் ஒரு வரியால் இதனைக் குறித்தால் போதும்.

மேற்கோள் வருமிடத்து விரைவைக் குறைத்தல் நான்காவது. அறிந்த செய்யுளை ஈற்றடியிலிருந்து முதலடி நோக்கி, ஒவ்வொரு சீராக எழுதுமாறு எம் மாணாக்கர்க்கு இப்பொழுது கூறுகின்றோம். பின்னிருந்து எழுதுவார்க்கு நினைவு துணை செய்யாது. ஆதலின் கண்ணே வேலை செய்யும். முடிந்தபின் ஒருவர் படத்தை நோக்கி ஓத, மற்றொருவர் படியை நோக்கிக் கேட்டல் வேண்டும். எழுதியவரே இரண்டனையும் ஒப்புநோக்குவராயின் தம் பிழையைத் தாமே மீண்டும் ஓதிச் செல்வர்.

5. ஒரு தடையும் விடையும்

இங்கு அறிஞர் ஒரு தடை எழுப்பலாம். நிழற்படமே உள்ளது உள்ளவாறு காட்டுவது. அது கையில் இருக்கப் படி எதற்கு? சுருக்கத்தில் பிழை தோன்றின் படத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்பர். இத்தடை வலியுடையது. படம் தெளிவாகவும் நிலையாகவும் இருந்து, அந்நூல் வேறு நூலகங்களிலும் கிடைப்பதாயின், சுருக்கத்தால் அழிவது ஒன்றும் இல்லை. வேறோர் அன்பர் ஓர் ஆராய்ச்சி மலரிலிருந்து நாற்பது பக்கப் படங்களை அனுப்பியபொழுது, முன்னைய பட்டறிவால் அஞ்சி, எல்லாவற்றையும் படியெடுக்கச் செய்தோம். இரு கிழமை சென்றது. அவர் வேண்டியது தம் தலைப்பு அக்கட்டுரைகளில் முன்னரே ஆராயப்பட்டுள்ளதா என்பது மட்டுமே; பத்து வரியில் விடை கூறியிருக்கலாம். இஃது எம் பிழை.

ஆயினும் படம் உண்டு என்னும் விடை எல்லா இடத்தும் செல்லாது. கல்வெட்டுத் துறையின் வரலாறு இதற்குச் சான்று. 1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகள் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் சில வரியில் பொருட்குறிப்புத் தந்தன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் முழு வாசகத்தைத் தந்தன. எவர் எதற்குப் பயன்படுத்துவர் என்பது அறியாத நிலையில் எடுத்த வேலைக்கு அவர்கள் கண்ட முறை இது: எல்லாவற்றுக்கும் குறிப்பு முன்னர்; வாசகம் பின்னர். முறை நன்றே. எனினும் வாசகம் வெளிவராமல் குறிப்பளவிலே நின்ற கல்வெட்டுகள் மிகப்பல. நிலக்கொடை எனக் குறித்த அளவில் அரசியல் வரலாறு எழுதுவார்க்கு அது போதுமானதாயிற்று. நொபோரு கராஷிமா, சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து அடைவு செய்தபொழுது வேண்டியிருந்தது கையெழுத்திட்டவர், நிலம் உடையவர் எனக் கல்லின் கடைப்பகுதியில் நிற்கும் பெயர்வரிசை. பொருட்குறிப்பு எழுதுவோர் எளிதில் விடுவது அவ்வரிசையையே. எழுதியபொழுது பயனற்றதாகத் தோன்றியது தலைமுறை கடந்து பயனாயிற்று. கல்லோ அதற்குள் புதுப்பிக்கப்பட்ட கோயிற் சுவரில் இடம் மாறியும் சுண்ணம் பூசப்பட்டும் இருக்கலாம். கைபேசியிலுள்ள படத்தின் வாழ்நாள் கல்லின் வாழ்நாளினும் குறுகியது.

6. முடிவு

ஆதலின் எம் துறையில் இப்பொழுது கொள்ளும் ஒழுங்கு பின்வருவது. முதற்கண் அனுப்பியவரைக் கேட்டல். ஒரு வினா ஒன்பது மணி நேரத்தைக் காக்கும். ‘இதனுள் எதனைத் தேடுகின்றீர்?’ என்பதே அவ்வினா. விடை வரும்வரையில் படத்தையே வினவுதல் இரண்டாவது. ஒரே பக்கத்தை இருமுறை எடுத்திருப்பின், அல்லது ஒரு பகுதியை அணுகி எடுத்திருப்பின், வேண்டியது அங்கு இருத்தல் கூடும். எம் அன்பர் நான்காம் படத்தைச் சாய்த்து எடுத்திருந்தமையை அன்றே கருதியிருப்பின் அவ்விடத்தை மும்முறை நோக்கியிருப்போம். தலைப்புப் பக்கத்தையும் உடன் எடுத்தவர் நூலைப் பற்றி அறிய விரும்புகின்றார். அதனை விட்டு நடுப்பக்கம் மட்டும் எடுத்தவர்க்கு நூல் முன்னரே தெரியும், அவர் வேண்டுவது சொல் என ஓரளவு கருதலாம்.

மூன்றாவது, சொல் சான்றாகும் எழுத்து இது, சொல் கருவியாகும் எழுத்து இது எனப் பகுத்தல். செய்யுள், உரை, கல்வெட்டு, ஆவணம், கடிதம் ஆகியவற்றில் சொல்லே சான்று, அவற்றைப் படியெடுக்க. பிற இடத்தும் கிடைக்கும் இக்காலக் கட்டுரைகளில் சொல் கருத்தைக் கொண்டுவரும் கருவி, அவற்றைச் சுருக்குக. ஐயம் நிற்பின் ஐந்தாறு வரியில் பக்கங்களின் அடைவுக்குறிப்பு ஒன்றை உடனே அனுப்பிவிட்டுப் படியைத் தொடங்குக. படியினின்றும் எந்நாளும் சுருக்கம் செய்யலாம். சுருக்கத்தினின்றும் படி செய்தல் எவர்க்கும் இயலாது.

நான்காவதாக ஒன்று உண்டு. அதனை விதி என்பதினும் விலக்கு என்பதே பொருந்தும். இரண்டனையும் கலவாதிருத்தல் வேண்டும். தொடக்கத்தில் சொல்லுக்குச் சொல் எழுதி, அயர்ந்தபின் இடையிடையே சுருக்கி, இறுதியில் மீண்டும் சொல்லுக்குச் சொல் எழுதிய படி ஒன்றினும் தீங்கானது இல்லை. இதனை அறிய ஒரு வழி, பக்கந்தோறும் சொல்லை எண்ணுதல். மூலத்தில் ஒத்த அளவினவாக உள்ள பக்கங்கள் படியில் நானூறு, நானூறு, முந்நூறு, இருநூறு எனக் குறைந்து செல்லுமாயின் எழுதியவர் எவ்விடத்து அயர்ந்தார் என்பது தெரியும். சுருக்கினால் சுருக்கம் எனத் தலையில் எழுதுக. விட்டால் விட்டது எனக் குறிக்க.

அன்பர்க்குத் திருத்திய படியை அனுப்பினோம். அவர் ஐயுற்ற எழுத்து அவர் கருதியவாறே இருந்தது. சுருக்கம் எழுதிய மாணாக்கரின் 350 சொல்லும், எழுவாய்ப் பெயர் நீக்கப்பெற்று, அப்படியின் முகத்தே இப்பொழுது நிற்கின்றன. பாயிரமின்றி வந்த பக்கங்களுக்கு அவையே பாயிரமாயின.